டிஸ்க் 100% காட்டினா அது பதில் இல்ல, கேள்வி

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி. ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதி பக்கம் எங்க ரூம். ரூம்மேட்டோட லேப்டாப்ல விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், அதுக்குள்ள உபுண்டு. டெர்மினல்ல `ls` அப்படின்னு ரெண்டே எழுத்து டைப் பண்ணோம். எழுத்து ஸ்க்ரீன்ல வர ஆறு செகண்ட் ஆச்சு. மறுநாள் காலையில கிளவுட் லேப் ப்ராக்டிகல்.

அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸ்ல கிளவுட் கம்ப்யூட்டிங் எடுத்தவங்களுக்கு இந்த லேப் தெரியும். முதல் எக்ஸ்பரிமென்ட்டே விண்டோஸ் மேல விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு, உள்ள ஒரு லினக்ஸ் ஏத்துறதுதான். அடுத்தது அந்த விஎம்முக்குள்ள சி கம்பைலர் போட்டு ப்ரோக்ராம் ஓட்டுறது. போகப் போக ஹடூப் வரைக்கும் வரும். வெளியில ஓடுற விண்டோஸை ஹோஸ்ட்னும், உள்ள ஓடுற லினக்ஸை கெஸ்ட்னும் சொல்றோம்.

அன்னிக்கு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டதுக்கு மூணு நிமிஷத்துல மூணு பதில் வந்துச்சு. "ராம் பத்தலடா, இன்னொரு ஸ்டிக் வாங்கு." "ஹார்ட் டிஸ்க் போச்சு, எஸ்எஸ்டி மாத்து." "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு, பறக்கும்." மூணு பேருமே டாஸ்க் மேனேஜர் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. அதுல டிஸ்க் 100%னு சிவப்பா இருந்துச்சு.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான். அந்த 100% எதையும் சொல்றதில்ல. ஹோஸ்ட்டோட மெமரி தீர்ந்து ஸ்வாப் ஆனாலும் டிஸ்க் 100% ஆகும். ரெண்டு வேலை ஒரே டிஸ்க்குக்கு அடிச்சுக்கிட்டாலும் 100% ஆகும். ஆன்டிவைரஸ் முழு டிஸ்க்கையும் படிச்சாலும் 100% ஆகும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. எந்த ஃபைலை, எந்த ப்ராசஸ் படிச்சுக்கிட்டு இருக்குன்னு கேட்டாத்தான் மூணும் பிரியும். அதை நம்ம லேப் ரெக்கார்ட் எங்கயும் கேக்கறதில்லங்கிறது என்னோட வருத்தம்.

கெஸ்ட்டுகிட்ட கேட்டா உண்மை வராது

நாங்க பண்ண முதல் தப்பு, கெஸ்ட்டுக்குள்ளயே தேடினது. உபுண்டுல `free -h` அடிச்சோம். மூணு ஜிபிக்கு மேல காலியா இருக்குன்னு சொல்லுச்சு. `vmstat 1` ஓட்டினோம். ஸ்வாப் ஆகுறதைக் காட்டுற `si`, `so` ரெண்டு காலமும் பூஜ்யம். டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற நேரத்தைக் காட்டுற `wa` ரெண்டோ மூணோ. அதாவது, "எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு கெஸ்ட் சொல்லுது. ஆனா எழுத்து வர ஆறு செகண்ட்.

இது பொய் இல்ல. கெஸ்ட்டுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். காவிரிப் பாலத்துல ஒண்ணாம் நம்பர் பஸ் நின்னுடுச்சுன்னா, உள்ள உக்காந்திருக்கிற நமக்கு பஸ் நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். முன்னாடி லாரி ரிப்பேரா, மாம்பழச்சாலை சிக்னலான்னு இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும். கெஸ்ட்டுக்கு அது கூடத் தெரியாது. தனக்குக் கொடுத்த ராம் நிஜமான ராம்தான்னு அது நம்பிக்கிட்டு இருக்கு. அந்த ராமோட ஒரு பகுதியை ஹோஸ்ட் டிஸ்க்குக்குத் தள்ளிட்டா, கெஸ்ட் அதைத் தொடுற நிமிஷத்துல ஹோஸ்ட் கெஸ்ட்டை அப்படியே நிறுத்தி வச்சுட்டு டிஸ்க்ல இருந்து எடுத்துட்டு வரும். தான் நிறுத்தப்பட்டதே கெஸ்ட்டுக்குத் தெரியாது. அதனால அதோட எந்தக் கணக்குலயும் அது வராது.

இதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. கெஸ்ட்டுல டிஸ்க்கைத் தொடாம, மெமரியை மட்டும் தொடுற வேலை ஒண்ணைக் கொடுங்க.

```
time python3 -c "x = b'a' * 800_000_000"
```

இது 800 எம்பி மெமரியை எடுத்து நிரப்புது, வேற ஒண்ணும் பண்ணல. சாதாரணமா ஒரு செகண்டுக்குள்ள முடியணும். எங்களுக்கு 41 செகண்ட் ஆச்சு. டிஸ்க்கே சம்பந்தப்படாத வேலை இப்படி இழுத்தா, கெஸ்ட்டோட மெமரிக்குக் கீழ ஏதோ தப்புன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை: கெஸ்ட்டுக்குள்ள `free -h`ல ஒரு ஜிபியாவது காலியா இருக்கறப்போதான் இந்த டெஸ்ட் செல்லும். இல்லன்னா கெஸ்ட்டே தனக்குள்ள ஸ்வாப் பண்ண ஆரம்பிச்சு, எதை அளக்குறோம்னே தெரியாமப் போயிடும்.

முதல் ராத்திரி: மெமரி

அடுத்து ஹோஸ்ட்டுக்கு வந்தோம். விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் போதாது. ஸ்டார்ட்ல `resmon`னு அடிச்சா ரிசோர்ஸ் மானிட்டர் வரும். இதுல ரெண்டே டேப் போதும். `Memory` டேப்ல `Hard Faults/sec`னு ஒரு காலம் இருக்கும். தேவையான மெமரி பேஜ் ராம்ல இல்லாம டிஸ்க்ல இருந்து எடுக்க வேண்டி வந்த தடவைகளோட கணக்கு அது. `Disk` டேப்ல `Disk Activity`ங்கிற பகுதி, எந்த ப்ராசஸ் எந்த ஃபைலைப் படிக்குது, எழுதுது, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு காட்டும். டாஸ்க் மேனேஜர் சொல்லாத விஷயம் இதுதான்.

நண்பனோட லேப்டாப்ல ராம் 8 ஜிபி. ஹடூப்புக்காக ஒரு வீடியோவைப் பார்த்துட்டு கெஸ்ட்டுக்கு 6 ஜிபி கொடுத்திருந்தான். ஆரம்பத்துல விஎம்வேர், மெமரி பத்தாதுன்னு ஏத்தவே மறுத்திருக்கு. இவன் `Preferences`ல `Memory` பக்கத்துக்குப் போய் `Allow most virtual machine memory to be swapped`ஐ டிக் பண்ணியிருக்கான். எரர் போயிடுச்சு, சந்தோஷம். அந்த வரியை நிதானமாப் படிச்சா, "விஎம்மோட மெமரியில பெரும்பகுதியை டிஸ்க்குக்குத் தள்ள அனுமதி"ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

ரிசோர்ஸ் மானிட்டர்ல பார்த்தோம். `Available` 140 எம்பி. `vmware-vmx.exe`க்கு நேரா ஹார்ட் ஃபால்ட் செகண்டுக்கு 50, 60ன்னு நிமிஷக்கணக்கா இறங்காம நின்னுச்சு. டிஸ்க் டேப்ல மேல இருந்த ரெண்டு ஃபைல், விஎம்மோட `.vmem` ஃபைலும் `pagefile.sys`ஸும். கெஸ்ட்டோட ராமுக்கு டிஸ்க்ல இருக்கிற நகல்தான் `.vmem`. விண்டோஸோட ஸ்வாப் `pagefile.sys`. ரெண்டுமே மெமரியோட ஃபைல்கள். கெஸ்ட்டோட டிஸ்க்கான `.vmdk` லிஸ்ட்ல எங்கயோ கீழ கிடந்துச்சு. இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

"வெறும் 60தானே, இதுக்கா இந்த அலறல்?"னு நானும் முதல்ல நினைச்சேன். கணக்குப் போட்டா புரியும். அந்த லேப்டாப்ல இருக்கிறது 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். செகண்டுக்கு 90 சுத்து, ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் தலைக்குக் கீழ வர சராசரியா அரைச் சுத்து, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட். தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு பத்து வச்சுக்கோங்க. மொத்தம் பதினஞ்சு. அப்போ செகண்டுக்கு 65 தடவைக்கு மேல அந்த டிஸ்க்கால அங்கங்க குதிச்சுப் படிக்கவே முடியாது. அதனால 60ங்கிறது சின்ன எண் இல்ல, டிஸ்க்கோட உச்சவரம்பு. தேவை அதுக்கு எவ்வளவு மேல இருந்தாலும் எண் அங்கயேதான் நிக்கும்.

ராம்ல ஒரு தடவை தொட ஏறக்குறைய 100 நானோசெகண்ட். டிஸ்க்ல பதினஞ்சு மில்லிசெகண்ட். ஒன்றரை லட்சம் மடங்கு. ராம்ல ஒரு செகண்ட் ஆகுற வேலைன்னு வச்சுக்கிட்டா, டிஸ்க்ல அதுக்கு ஒண்ணே முக்கால் நாள். இதைத்தான் பீட்டர் டென்னிங் 1968ல எழுதின பேப்பர்ல 'த்ராஷிங்'னு ஆராய்ஞ்சார். ஓஎஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு நாம எல்லாரும் எழுதினதுதான். வரையறை மனப்பாடமா இருந்துச்சு. கண்ணு முன்னாடி நடந்தப்போ எங்க ரெண்டு பேருக்கும் அடையாளம் தெரியல.

தீர்வு தலைகீழா இருந்துச்சு. கெஸ்ட்டோட ராமை 6 ஜிபில இருந்து 3 ஜிபிக்குக் குறைச்சோம். செட்டிங்கை `Fit all virtual machine memory into reserved host RAM`க்கு மாத்தினோம். க்ரோமை மூடினோம். அதே பைத்தான் வரி 0.6 செகண்ட்ல முடிஞ்சுது. ராமைக் குறைச்சதும் விஎம் வேகமாயிடுச்சு. கெஸ்ட்டுக்கு 6 ஜிபின்னு நாம பேப்பர்ல எழுதிக் கொடுத்ததுல பாதி எப்பவுமே டிஸ்க்லதான் இருந்துச்சு. அதுக்கு நிஜமான 3 ஜிபி எவ்வளவோ மேல்.

இங்க ரெண்டு இடத்துல ஏமாற வாய்ப்பு இருக்கு. ஒண்ணு, ஹார்ட் ஃபால்ட்னு பேர் இருந்தாலும் எல்லாமே ஸ்வாப் இல்ல. ஏதாவது பெரிய சாப்ட்வேரைத் திறக்கும்போது அதோட ஃபைல் மெமரிக்கு வர்றதும் இதே கணக்குலதான் சேரும். அது சில செகண்ட் எகிறி அடங்கிடும். அடங்காம நின்னு, கூடவே `Available`ம் அடி மட்டத்துல இருந்தாத்தான் ஸ்வாப்னு சொல்லணும். இன்னொண்ணு, `.vmem`ல கொஞ்சம் ரைட் வர்றது சகஜம். சஸ்பெண்ட் பண்ணின விஎம்மைத் திரும்பத் திறக்கும்போது ரீடும் வரும். தொடர்ச்சியான ரீடைப் பார்த்தாத்தான் கவலைப்படணும். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி வேற சாப்ட்வேர்ல `.vmem` இருக்காது. அப்போ `pagefile.sys`ஐயும் `Available`ஐயும் பார்த்தாப் போதும்.

ரெண்டாவது ராத்திரி: டிஸ்க் சண்டை

ப்ராக்டிகல் முடிஞ்சுது. ரெண்டு நாள் கழிச்சு அதே லேப்டாப், அதே புலம்பல்: "மறுபடி ஸ்லோடா." உடனே ராமை இன்னும் குறைக்கப் போனான். நான் தடுத்தேன். முதல்ல அந்தப் பைத்தான் வரி. 0.6 செகண்ட். அப்போ மெமரி இல்ல. டெர்மினல்ல டைப் பண்றதும் வழுக்கிக்கிட்டு போகுது. ஆனா `apt install` கொடுத்தா நிக்குது, ஃபைல் சேவ் பண்ணா நிக்குது.

இந்த முறை கெஸ்ட்டும் ஒத்துக்கிச்சு. `vmstat 1`ல `wa` காலம் 60, 70ன்னு இருந்துச்சு. கெஸ்ட் தானே தன்னோட டிஸ்க்குகிட்ட ஒரு வேலையைக் கேட்டுட்டுக் காத்திருக்கு, அதனால அது கணக்குல வருது. முதல் ராத்திரிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். மெமரி ஸ்வாப்ல எல்லாமே உறையும், மவுஸ் உட்பட, ஆனா `wa` சும்மா இருக்கும். டிஸ்க் சண்டையில டிஸ்க்கைத் தொடுற வேலை மட்டும் உறையும், `wa` ஏறும்.

ரிசோர்ஸ் மானிட்டர்ல `Available` ரெண்டு ஜிபிக்கு மேல. ஹார்ட் ஃபால்ட் ஏறக்குறைய பூஜ்யம். டிஸ்க் மறுபடியும் 100%. ஆனா இப்போ லிஸ்ட்ல மேல இருந்தது `.vmdk`, அதுக்குப் பக்கத்துலயே `D:` டிரைவ்ல சில எம்பி4 ஃபைல்கள். `Response Time` காலத்துல 300, 400 மில்லிசெகண்ட். கீழ `Disk Queue Length` ஆறு, ஏழு. விஷயம் என்னன்னா, அத்தை பொண்ணு கல்யாண வீடியோவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்து `D:`க்கு காப்பி போட்டு விட்டிருந்தான். 32 ஜிபி.

"விஎம் `C:`ல இருக்கு, வீடியோ `D:`க்குப் போகுது, அது எப்படிடா இதைத் தடுக்கும்?"னு கேட்டான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனா லேப்டாப்ல இருக்கிறது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். `C:`யும் `D:`யும் அதுல போட்ட கோடு. ஒரே தலைதான் வீடியோவுக்கும் விஎம்முக்கும் மாறி மாறி ஓடுது. தனியா விட்டா வீடியோ நேர்கோட்டுல வேகமா எழுதப்பட்டிருக்கும். விஎம்மோட சின்னச் சின்ன ரீட் நடுவுல புகுந்ததும், ஒவ்வொரு தடவையும் தலை போயிட்டுத் திரும்பணும். ரெண்டுமே கெட்டுது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த வழி சுலபம். காப்பியை `Pause` பண்ணோம். பத்து செகண்ட்ல க்யூ ஒண்ணுக்குக் கீழ வந்துச்சு, கெஸ்ட்டுல `wa` இறங்குச்சு. திரும்ப ஓட விட்டோம், ஏறுச்சு. ரெண்டு தடவை பண்ணிப் பார்த்துட்டுத்தான் நம்பினோம். உங்க லேப்டாப்ல அது வீடியோவா இல்லாம விண்டோஸ் அப்டேட்டோட `TiWorker.exe`யாவோ, ஃபைல்களைத் தேடலுக்காக வரிசைப்படுத்துற `SearchIndexer.exe`யாவோ இருக்கலாம். இல்ல, ஒரே டிஸ்க்ல ரெண்டு விஎம்மை ஒண்ணா பூட் பண்ணியிருப்பீங்க.

இங்க ராம் வாங்கினா அந்தக் காசு வீண். ராமைக் குறைச்சாலும் பலன் இல்ல. மத்த வேலையை ஒத்திப் போடணும், இல்ல விஎம்மை வேற ஒரு நிஜமான டிஸ்க்குக்கு மாத்தணும். எஸ்எஸ்டி வாங்குனு சொன்னவன் இந்த ராத்திரிக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கான். முதல் ராத்திரிக்குத்தான் அது தப்பு.

மூணாவது: ஆன்டிவைரஸ்

மினி ப்ராஜெக்ட் சமயத்துல மூணாவது விதமா ஒண்ணு வந்துச்சு. கெஸ்ட்டுல `/mnt/hgfs`ங்கிற ஷேர்டு ஃபோல்டர்ல ப்ராஜெக்ட்டை வச்சிருந்தோம். அது நிஜத்துல விண்டோஸ்ல இருக்கிற ஒரு ஃபோல்டர், கெஸ்ட்டுக்குள்ள இருந்தும் தெரியும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஒரு டார் ஃபைலை அங்க விரிச்சா மூணு நிமிஷம். அதையே கெஸ்ட்டோட ஹோம் ஃபோல்டர்ல விரிச்சா 9 செகண்ட்.

மெமரி காலி. டிஸ்க் 30%ஐத் தாண்டல. க்யூ ஒண்ணுக்கும் கீழ. ஆனா சிபியூ பக்கத்துல `MsMpEng.exe` ஒரு கோரையே பிடிச்சு வச்சிருந்துச்சு. விண்டோஸோட கூடவே வர்ற ஆன்டிவைரஸோட ப்ராசஸ் அது. வேற ஆன்டிவைரஸ் போட்டிருந்தா பேர் மாறும், நடக்கிறது ஒண்ணுதான்.

ஏன் ஷேர்டு ஃபோல்டர்ல மட்டும்? ரியல்-டைம் ஸ்கேன் முக்கியமா ஒரு ஃபைலைத் திறக்கும்போதும் எழுதி மூடும்போதும்தான் உள்ள வருது. கெஸ்ட் தன்னோட டிஸ்க்ல ஆயிரம் ஃபைல் உருவாக்கினாலும், விண்டோஸ் கண்ணுக்கு அது ஏற்கெனவே திறந்திருக்கிற ஒரே ஒரு `.vmdk`தான். ஷேர்டு ஃபோல்டர்ல உருவாக்கினா விண்டோஸுக்கு அது நிஜமாவே ஆயிரம் ஃபைல். ஆயிரம் தடவை சோதனை. அதனால விஎம்ல சாதாரண வேலை வேகமாவும் ஷேர்டு ஃபோல்டர் மட்டும் ஆமையாவும் இருந்தா முதல் சந்தேகம் ஆன்டிவைரஸ் மேல வரலாம்.

சந்தேகம்னுதான் சொல்றேன். ஏன்னா ஷேர்டு ஃபோல்டருக்கு தன்னளவுலயே ஒரு சுமை இருக்கு. எவ்வளவு யாரோடதுன்னு பிரிக்க, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுத்து, திரும்ப அளந்து, விலக்கை எடுத்துட்டோம். பவர்ஷெல்லை அட்மினா திறந்து:

```
Add-MpPreference -ExclusionPath "D:\share"
Remove-MpPreference -ExclusionPath "D:\share"
```

விலக்கு இருக்கும்போது 70 செகண்ட். ஆக, 180ல 110 செகண்ட் ஆன்டிவைரஸோடது. மீதி 70ல பெரும்பகுதி ஷேர்டு ஃபோல்டரோடது. ஆன்டிவைரஸை மொத்தமா ஆஃப் பண்ணியிருந்தாலும் 9 செகண்டுக்கு வந்திருக்காது. "பறக்கும்"னு சொன்னவனுக்கு இது பதில்.

ஆன்டிவைரஸ் இன்னொரு ரூபத்துலயும் வரும். முழு ஸ்கேன் ஓடும்போது அது விஎம்முக்குச் சம்பந்தமே இல்லாத ஃபைல்களையெல்லாம் வரிசையாப் படிக்கும். அப்போ டிஸ்க் 100% ஆகும், கெஸ்ட்டுல `wa` ஏறும், ரெண்டாவது ராத்திரி மாதிரியே இருக்கும். லிஸ்ட்ல ப்ராசஸ் பேரைப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்: பத்து வேற வேற ஃபைல், எல்லாத்துக்கும் முன்னாடி `MsMpEng.exe`. ஸ்லோவா இருந்த நேரமும் ஸ்கேன் நேரமும் ஒத்துப்போகுதான்னு இப்படிப் பார்க்கலாம்:

```
Get-MpComputerStatus | Select-Object QuickScanStartTime, QuickScanEndTime, FullScanStartTime, FullScanEndTime
```

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். நம்ம ரெக்கார்ட் எல்லாம் பென்டிரைவ்ல ஏறி சத்திரம் பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வருது. ஒரு நாளைக்கு நூறு பென்டிரைவ் பார்க்கிற கம்ப்யூட்டர் அது. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு மறந்துடுறவன்தான் அடுத்த வாரம் "என் ஃபைல் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு"ன்னு வர்றான். எங்க கிளாஸ்லயே ஒருத்தன் செமினார் பிபிடியை அப்படித்தான் தொலைச்சான். அதனால என் கருத்து: விலக்கு கொடுக்கணும்னா விஎம்மோட `.vmdk`, `.vmem` இருக்கிற ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்க. ஷேர்டு ஃபோல்டருக்கு நிரந்தர விலக்கு வேண்டாம், கெஸ்ட்டுல இருந்து ஹோஸ்ட்டுக்கு எல்லாம் வர்ற வாசல் அதுதான். ப்ராஜெக்ட்டை கெஸ்ட்டோட ஹோம்ல வச்சு வேலை பாருங்க, முடிஞ்சதை மட்டும் ஷேர்டு ஃபோல்டருக்குக் காப்பி பண்ணுங்க. நாங்க கடைசியில அப்படித்தான் பண்ணோம்.

வரிசை முக்கியம்

மூணுல எதை முதல்ல பார்க்கணும்? எப்பவும் மெமரியை. ஏன்னா ஸ்வாப் ஆரம்பிச்சா அதுவே டிஸ்க் சண்டையை உண்டாக்கும், அந்த நேரத்துல ஆன்டிவைரஸ் படிக்கிற ஒவ்வொரு ஃபைலும் பத்து மடங்கு இழுக்கும். மூணு குற்றவாளியும் ஒண்ணா நிக்கிற மாதிரி தெரியும். `Available` நல்லா இருக்குன்னு உறுதி பண்ணிட்டு டிஸ்க்குக்கு வாங்க. டிஸ்க்ல எந்த ஃபைல், எந்த ப்ராசஸ்னு பாருங்க. டிஸ்க்கும் சும்மா இருந்தா சிபியூல ஆன்டிவைரஸ் பேர் இருக்கான்னு பாருங்க.

மூணும் அமைதியா இருந்தும் ஸ்லோவா இருந்தா, காரணம் இந்தக் கட்டுரைக்கு வெளிய இருக்கு. உதாரணத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலோட கீழ் ஓரத்துல பச்சை ஆமை படம் வந்தா, விண்டோஸோட ஹைப்பர்-வி ப்ராசஸரைத் தன் கையில வச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுக்கு மேல ஏறி ஓடுதுன்னு அர்த்தம். அதுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விடை இல்ல.

"இப்போ எல்லார்கிட்டயும் எஸ்எஸ்டி வந்தாச்சு, இதெல்லாம் பழைய கதை"ன்னு ஒரு ஜூனியர் சொன்னான். பாதி உண்மை. எஸ்எஸ்டில தலை நகர வேண்டியதில்ல, அதனால டிஸ்க் சண்டை பெருமளவு அடங்கிடும். ஆனா 8 ஜிபில 6 ஜிபி விஎம் போட்டா அங்கயும் ஸ்வாப் ஆகத்தான் செய்யும். ஆறு செகண்டுக்குப் பதிலா அரை செகண்ட் திக்கும். நோய் அதேதான், வலி கம்மியாத் தெரியும், அவ்வளவுதான். ஷேர்டு ஃபோல்டர்ல ஆன்டிவைரஸ் எடுக்கிற நேரத்துல பெரும்பகுதி சிபியூவோடது. அதுக்கு எஸ்எஸ்டி பெருசா உதவாது.

இப்போ லேப் விஷயத்துக்கு வர்றேன். நம்ம கிளவுட் லேப் ரெக்கார்ட்ல முதல் எக்ஸ்பரிமென்ட்டுக்கு பன்னெண்டு ஸ்க்ரீன்ஷாட் ஒட்டுறோம். எல்லாமே `Next`, `Next`, `Finish`. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. அதுல அஞ்சு ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துட்டு ஒரு வேலை சேர்க்கலாம். கெஸ்ட்டுக்கு வேணும்னே ராமை அதிகம் கொடு, பெரிய ஃபைலைக் காப்பி போடு, ஷேர்டு ஃபோல்டர்ல ஆயிரம் ஃபைலை விரி. ஒவ்வொரு தடவையும் ஹோஸ்ட்டுல இதை ஓட விட்டு எண்ணை எழுது:

```
typeperf "\Memory\Available MBytes" "\Memory\Pages Input/sec" "\PhysicalDisk(_Total)\Avg. Disk sec/Transfer" -si 2
```

மூணு காலம் வரும். முதல் காலம் அடி மட்டத்துல இருந்து மத்த ரெண்டும் ஏறினா மெமரி. முதல் காலம் அடி மட்டத்துக்கு இறங்காம, மூணாவது 0.015ங்கிற பதினஞ்சு மில்லிசெகண்டைத் தாண்டி எங்கயோ போச்சுன்னா டிஸ்க் சண்டை, இல்ல ஸ்கேன். எதுன்னு `resmon` சொல்லும். மூணுமே அமைதியா இருந்து ஷேர்டு ஃபோல்டர் மட்டும் இழுத்தா ரியல்-டைம் ஸ்கேனைத் தேடு. இந்த எண்ணை யாரும் காப்பி அடிக்க முடியாது, ஏன்னா ஒவ்வொரு மெஷின்லயும் வேற மாதிரி வரும். லேப் மெஷின்ல அட்மின் பாஸ்வேர்ட் கேட்டா லேப் அண்ணாவை ஒரு தடவை கூப்பிட வேண்டியிருக்கும், அதுவும் பெரிய விஷயம் இல்ல. இதை எங்க டிபார்ட்மென்ட்ல மேடம்கிட்ட சொல்லியிருக்கேன். "எழுதிக் கொடு, பார்க்கலாம்"னாங்க. இந்தக் கட்டுரையைத்தான் கொடுக்கப் போறேன்.

ரூம்மேட் அந்த ராம் ஸ்டிக்கை வாங்கல. அந்தக் காசை பத்திரமா வச்சிருந்து, செமஸ்டர் லீவுல ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கினான். ரெண்டாவது ராத்திரி பார்த்ததுக்கு அதுதான் சரியான மருந்து. கெஸ்ட்டுக்கு இன்னும் 3 ஜிபிதான்.